12 லட்சம் இன்கிரிமென்ட் லெட்டர், 14 லட்சம் ஆஃபர் லெட்டர்: இரண்டையும் வரிவரியாக ஒப்பிடுவது எப்படி

ஒரு கையில் இப்போது வேலை பார்க்கும் கம்பெனி கொடுத்த சம்பள உயர்வுக் கடிதம், இன்னொரு கையில் வேறு கம்பெனியின் ஆஃபர் லெட்டர். இரண்டிலும் கொட்டை எழுத்தில் ஒரு சிடிசி தொகை இருக்கும். பெரும்பாலானவர்கள் அந்த இரண்டு எண்களை மட்டும் கழித்துப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். சிடிசி என்பது உங்கள் பொருட்டு கம்பெனி ஒரு வருடத்தில் ஒதுக்கும் மொத்தச் செலவு. அதில் உங்கள் கைக்கு வருவதும் இருக்கும், வராமலே போகக்கூடியதும் இருக்கும். எந்தெந்தச் செலவை அதற்குள் சேர்க்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதனால் இரு கம்பெனிகளின் சிடிசி ஒரே அளவுகோலால் அளந்ததாக இருக்காது.

ஒரு மாதிரிக் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். சென்னையில் ஒரு ஐடி ஊழியர். இப்போதைய கம்பெனியில் ஏப்ரல் 1 அன்று சேர்ந்து 4 ஆண்டு 3 மாதம் ஆகிறது. பழைய சிடிசி 10,80,000. ஜூலையில் கைக்கு வந்த உயர்வுக் கடிதம் அதை 12,00,000 ஆக்குகிறது. புதுக் கம்பெனி 14,00,000 தருவதாகச் சொல்கிறது. வருமான வரிக்கு 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையை எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: அனெக்‌ஷரை எடுங்கள்

கடிதத்தின் முதல் பக்கம் வாழ்த்துச் செய்தி. விஷயம் கடைசியில் இணைத்திருக்கும் அனெக்‌ஷரில்தான் இருக்கிறது. அது இல்லாமல் வரும் ஆஃபர் லெட்டருக்குச் சம்மதம் சொல்லாதீர்கள், ஹெச்.ஆரிடம் கேட்டு வாங்குங்கள். நம் ஊழியரின் இரண்டு அனெக்‌ஷர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வருடக் கணக்கில், இப்படி இருக்கிறது:

| விவரம் | இப்போதைய கம்பெனி | புதுக் கம்பெனி |
|---|---|---|
| பேசிக் | 6,00,000 | 7,00,000 |
| ஹெச்.ஆர்.ஏ | 3,00,000 | 2,80,000 |
| ஸ்பெஷல் அலவன்ஸ் | 1,89,540 | 44,330 |
| பி.எஃப் (கம்பெனி பங்கு) | 21,600 | 84,000 |
| கிராஜுவிட்டி | 28,860 | 33,670 |
| மெடிக்கல் இன்சூரன்ஸ் | இல்லை | 18,000 |
| வேரியபிள் பே | 60,000 | 1,40,000 |
| ஜாயினிங் போனஸ் | இல்லை | 1,00,000 |
| மொத்தம் | 12,00,000 | 14,00,000 |

இப்போதைய கம்பெனியில் மெடிக்கல் இன்சூரன்ஸ் இல்லாமல் இல்லை. பிரீமியத்தை அவர்கள் சிடிசிக்குள் காட்டவில்லை, அவ்வளவுதான். புதுக் கம்பெனி காட்டியிருக்கிறது. அந்த ஒரு வரியிலேயே 18,000 ரூபாய் வித்தியாசம் காகிதத்தில் மட்டும் உருவாகிவிட்டது.

இரண்டாம் படி: மாதம் கைக்கு வருவதைத் தனியாகப் பிரியுங்கள்

முதல் மூன்று வரிகள்தான் ஒவ்வொரு மாதமும் நிச்சயமாக வருபவை. இப்போதைய கம்பெனியில் அவற்றின் கூட்டுத்தொகை 10,89,540, அதாவது மாதம் 90,795. புதுக் கம்பெனியில் 10,24,330, மாதம் 85,361.

ஆம், 14 லட்சத்தில் மாத கிராஸ் குறைவு.

இதிலிருந்து ஊழியரின் பங்கான பி.எஃப் பிடிக்கப்படும். இப்போதைய கம்பெனி, சட்டத்தில் உள்ள 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு மட்டும் 12 சதவீதம் போடுகிறது. அதனால் மாதம் 1,800 பிடித்தம். புதுக் கம்பெனி முழு பேசிக்கிற்கும் போடுகிறது. 58,333-க்கு 12 சதவீதம், 7,000 ரூபாய். தொழில் வரி சென்னையில் அரையாண்டுக்கு ஒருமுறை பிடிப்பார்கள். இந்தச் சம்பளத்துக்கு 1,250, மாதச் சராசரி 208.

வருமான வரி இரண்டிலும் இல்லை. புதிய முறையில் 75,000 நிலையான கழிவு போக, வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால் தள்ளுபடியில் வரி பூஜ்ஜியமாகிவிடும். வேரியபிளையும் ஜாயினிங் போனஸையும் சேர்த்தாலும் முழு வருடக் கணக்கில் இப்போதைய கம்பெனியில் 10,74,540 வருகிறது, புதியதில் 11,89,330. இரண்டாவது எண் 12 லட்சத்தை ஒட்டி நிற்பதைக் கவனித்து வையுங்கள், திரும்ப வருவோம்.

ஆக டேக் ஹோம் இப்போதைய கம்பெனியில் மாதம் 88,787, புதுக் கம்பெனியில் 78,153. சிடிசியில் 2 லட்சம் கூடி, கைக்கு வருவதில் மாதம் 10,634 குறைகிறது. இதைப் பார்த்தவுடன் ஆஃபரைத் தூக்கி எறியவும் கூடாது. அடுத்த படி அதற்குத்தான்.

மூன்றாம் படி: பி.எஃப்பை உங்கள் பணமாகச் சேர்த்துப் பாருங்கள்

பி.எஃப் பிடித்தம் போய்விட்ட பணம் இல்லை. 2024-25-க்கு 8.25 சதவீத வட்டி தந்த சேமிப்பு அது. இப்போதைய கம்பெனியில் இரு பங்கும் சேர்த்து மாதம் 3,600 போகிறது, புதியதில் 14,000. (இரண்டிலும் கம்பெனி பங்கிலிருந்து 1,250 பென்ஷன் திட்டத்துக்குப் போய்விடும், பி.எஃப் பாஸ்புக்கில் மொத்த நிலுவையாகச் சேராது.) டேக் ஹோமுடன் இதையும் கூட்டினால் 92,387-க்கு எதிராக 92,153. கிட்டத்தட்ட சமம். மாதச் சம்பளம் என்ற அளவில் இந்த ஆஃபரில் உயர்வே இல்லை. வீட்டுக்கடன் தவணை கட்டுகிறவருக்கு மாதம் 10,000 குறைவது பெரிய இடி. சேமிப்பு பிடிபடுவதே நல்லது என்று நினைப்பவருக்கு இது பிரச்சினையே இல்லை.

சில கம்பெனிகள் பி.எஃப் நிர்வாகக் கட்டணத்தையும் ஊழியர் இன்சூரன்ஸ் திட்டத்துக்கான தொகையையும்கூட சிடிசிக்குள் போடும். கம்பெனி பங்கு பேசிக்கில் 12 சதவீதத்தைத் தாண்டி 13 வரை தெரிந்தால் காரணம் அதுதான். அந்தக் கூடுதல் உங்கள் கணக்குக்கு வராது.

ஜாயினிங் அன்று பல கம்பெனிகள் பி.எஃப்பை 1,800 ஆகக் குறைத்துக்கொள்ளலாமா என்று ஒரு படிவத்தில் கேட்கும். மிச்சம் ஸ்பெஷல் அலவன்ஸில் சேரும். டேக் ஹோம் கூடுமே என்று கண்ணை மூடிக்கொண்டு டிக் போடுகிறார்கள். நம் கணக்கில் என்ன ஆகும்? கம்பெனி பங்கில் மிச்சமாகும் 62,400 வரிக்குரிய சம்பளமாகிறது. 11,89,330 என்பது 12,51,730 ஆகி 12 லட்சத்தைத் தாண்டிவிடும். தாண்டிய தொகைக்கு மேல் வரி போகாது என்ற விளிம்பு நிவாரணம் இருப்பதால் வரி 51,730, செஸ் சேர்த்து 53,799. 62,400 கூடுதலாக வாங்கி அதில் 53,799 வரியாகக் கட்டுவதற்கு, பணம் பி.எஃப்பிலேயே கிடக்கலாம். இது முழு நிதியாண்டும் புதுக் கம்பெனியிலேயே இருந்து, வேரியபிளும் முழுதாக வந்தால் வரும் கணக்கு. ஜாயினிங் போனஸ் இல்லாத அடுத்த வருடத்தில் அதே தேர்வு வரியே இல்லாமல் முடியும். எனவே, இந்தத் தேர்வு ஒரே முறைதானா, வருடாவருடம் மாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

நான்காம் படி: வரலாம், வராமலும் போகலாம் என்பவை

வேரியபிள் பே 1,40,000 என்று எழுதியிருப்பது இலக்கு மட்டுமே. உங்கள் ரேட்டிங், கம்பெனியின் லாபம் இரண்டாலும் பெருக்கித்தான் தருவார்கள். ஹெச்.ஆரிடம் மூன்று கேள்விகள் போதும். கடந்த இரண்டு வருடம் உங்கள் கிரேடில் சராசரியாக எத்தனை சதவீதம் கொடுத்தார்கள்? மாதமா, காலாண்டா, வருடத்துக்கு ஒரு முறையா? பணம் போடும் தேதியில் வேலையில் இருந்தே ஆக வேண்டுமா? மூன்றாவதற்கு "ஆம்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அப்படியென்றால் வருடம் முழுக்க உழைத்து, பணம் போடுவதற்கு ஒரு மாதம் முன்பு ராஜினாமா கொடுத்தால் மொத்தமும் போய்விடும்.

இந்தக் கேள்வி இப்போதைய கம்பெனிக்கும் பொருந்தும். அக்டோபரில் விலகினால் இந்த வருடத்து 60,000-இல் பாதியாவது வருமா என்று பார்க்க வேண்டும். அக்டோபரில் புதுக் கம்பெனியில் சேர்ந்தால் அங்கே முதல் வருட வேரியபிளும் ஆறு மாதத்துக்குத்தான், முழு சதவீதம் கொடுத்தாலும் 70,000.

ஜாயினிங் போனஸை சிடிசிக்குள் அடைத்திருப்பதுதான் இந்த ஆஃபரில் கவனிக்க வேண்டிய தந்திரம். அது ஒரு முறை வந்து முடிந்துவிடும். இரண்டாம் வருடம் உங்கள் சிடிசி உண்மையில் 13 லட்சம். அடுத்த இன்கிரிமென்ட் 14-இன் மேல் கணக்கிடப்படுமா, 13-இன் மேலா என்று எழுத்தில் கேளுங்கள். கூடவே திருப்பிக் கட்டும் நிபந்தனையைப் படியுங்கள். 12 மாதத்துக்குள் விலகினால் முழுத் தொகையா, மீதமுள்ள மாதங்களுக்கு மட்டுமா? வரி பிடிக்கும் முன்பிருந்த தொகையா, கைக்கு வந்ததா? 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு ஒரு லட்சம் போனஸில் செஸ் போக 68,800 தான் கைக்கு வரும், விலகும்போது கம்பெனி கேட்பது ஒரு லட்சமாக இருக்கும். கம்பெனியே வேலையை விட்டு நிறுத்தினாலும் இந்த நிபந்தனை பொருந்துமா என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: கிராஜுவிட்டியில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்

இந்த வரியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். இந்த ஊழியரைப் பொறுத்தவரை முழு ஒப்பீட்டையும் புரட்டிப் போடுவது இதுதான்.

பேசிக்கில் 4.81 சதவீதம் என்று வருடாவருடம் சிடிசியில் காட்டப்படும் கிராஜுவிட்டி, நிரந்தர ஊழியருக்கு 5 ஆண்டு தொடர் சர்வீஸ் முடிந்தால்தான் கிடைக்கும். இடையில் விலகினால் பூஜ்ஜியம். கணக்கு இதுதான்: கடைசி மாத பேசிக்கை (டி.ஏ இருந்தால் அதையும் சேர்த்து) 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 50,000 பேசிக், 5 ஆண்டு என்றால் 1,44,231 ரூபாய். ஆறு மாதத்துக்கு மேல் ஓடிய கடைசி ஆண்டு முழு ஆண்டாக எடுத்துக்கொள்ளப்படும்.

4 ஆண்டு 3 மாதத்தில் நிற்பவர் இப்போது கிளம்பினால் இந்த 1,44,231-ஐ விட்டுவிட்டுப் போகிறார். புதுக் கம்பெனி தரும் ஜாயினிங் போனஸ் ஒரு லட்சம். ஒரு கையால் வாங்குவதைவிட இன்னொரு கையால் விடுவது அதிகம். புது இடத்தில் 33,670 என்று எழுதியிருப்பதோ மறுபடி ஒன்றாம் நாளிலிருந்து எண்ணத் தொடங்கும்.

ஐந்து ஆண்டு என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நான்கு ஆண்டு முடித்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் (வாரத்தில் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் நிறுவனத்தில் 190 நாள்) வேலை செய்திருந்தால் ஐந்து ஆண்டாகக் கருதலாம் என்று சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. எல்லா கம்பெனியும் இதை அப்படியே ஏற்பதில்லை, முழு ஐந்து ஆண்டு வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் ஹெச்.ஆரும் உண்டு. ராஜினாமா கொடுப்பதற்கு முன், உங்கள் கம்பெனியின் கிராஜுவிட்டி பாலிசியை இன்ட்ராநெட்டில் படித்துக்கொள்ளுங்கள்.

இப்போது நாட்களைக் கூட்டுவோம். நோட்டீஸ் பீரியட் 90 நாள். அதுவும் சர்வீஸ்தான். ஜூலை தொடக்கத்தில் ராஜினாமா கொடுத்தால் அக்டோபர் தொடக்கத்தில் 4 ஆண்டு 6 மாதம். நாள் கணக்கை ஏற்கும் கம்பெனியானாலும் டிசம்பர் வரை போக வேண்டும், ஏற்காத கம்பெனியானால் மார்ச் இறுதி வரை. ஆகவே புதுக் கம்பெனியிடம் பேசவேண்டியது இரண்டில் ஒன்று. டிசம்பரில் சேர்வதாகத் தேதியைத் தள்ளுவது, அல்லது இழக்கும் கிராஜுவிட்டிக்கு ஈடாக ஜாயினிங் போனஸைக் கூட்டி அதை சிடிசிக்கு வெளியே வைப்பது. இழப்பை இவ்வளவு என்று எண்ணில் சொல்லிக் கேட்கும்போது, ரெக்ரூட்டர் மேலிடத்தில் அனுமதி வாங்க எளிது. "இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள்" என்ற கோரிக்கைக்கு அந்த வசதி இல்லை.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், ஊதியம் என்பது மொத்தச் சம்பளத்தில் குறைந்தது பாதியாவது இருக்கவேண்டும் என்கின்றன. நம் இரு அனெக்‌ஷரிலும் பேசிக் பாதி இருப்பதால் சிக்கலில்லை. உங்களுடையதில் 30, 35 சதவீதம்தான் இருந்தால், அமைப்பை மாற்றப் போகிறீர்களா, மாற்றினால் டேக் ஹோம் எவ்வளவு குறையும் என்று கேட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: உயர்வுக் கடிதத்தையும் அதே கண்ணால் பாருங்கள்

இப்போதைய கம்பெனி நல்லது செய்துவிட்டது என்ற முடிவுக்கும் அவசரப்பட வேண்டாம். 10,80,000 என்பது 12,00,000 ஆனதால் கடிதம் 11.1 சதவீத உயர்வு என்கிறது. ஆனால் பழைய அமைப்பில் வேரியபிளே கிடையாது. பேசிக் 5,40,000, கிராஜுவிட்டி 25,974, பி.எஃப் 21,600 போக கிராஸ் 10,32,426, மாதம் 86,036. புதிய கடிதத்தில் அது 90,795. மாத உயர்வு 4,759, அதாவது 5.5 சதவீதம். அறிவித்த 1,20,000-இல் சரிபாதி வேரியபிளுக்குள் போய்விட்டது. மேனேஜரிடம் பேசப்போனால் இந்த ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு போங்கள். அந்த 60,000-ஐ நிலையான சம்பளத்துக்கு மாற்றக் கேட்பது, வெளி ஆஃபரைக் காட்டி மொத்தத்தை ஏற்றக் கேட்பதைவிடச் சுலபமாக நடக்கும். கம்பெனியின் பட்ஜெட் எண் மாறுவதில்லையே.

கடிதத்தில் இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. முதலாவது அமலுக்கு வரும் தேதி. ஏப்ரல் 1 முதல் என்று போட்டு ஜூலையில் கொடுத்தால் மூன்று மாத அரியர்ஸ் வரவேண்டும், நம் கணக்கில் கிராஸ் 14,277. அரியர்ஸ் போடும் மாதத்துக்கு முன்பே ராஜினாமா கொடுத்தவருக்கு அதை நிறுத்திவைக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. இரண்டாவது, சிறிய எழுத்தில் வரும் நிபந்தனைகள். நோட்டீஸ் பீரியடை 60 நாளிலிருந்து 90 நாளாக்குவதோ, தக்கவைப்பு போனஸ் கொடுத்து ஒரு வருடம் விலகக்கூடாது என்பதோ உயர்வுக் கடிதத்தோடு சத்தமில்லாமல் வந்து சேரும். போர்ட்டலில் "Accept" அழுத்தினாலே கையெழுத்துப் போட்டதாகத்தான் அர்த்தம்.

ஏழாம் படி: மாறுவதற்கான செலவு

90 நாள் காத்திருக்க முடியாது, 60 நாளில் வா என்கிறது புதுக் கம்பெனி என்று வைப்போம். மீதி 30 நாளை விலைக்கு வாங்க வேண்டும். பேசிக்கில் கணக்கிட்டால் 50,000, கிராஸில் கணக்கிட்டால் 90,795. எது என்பது அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் இருக்கும். புதுக் கம்பெனி இதைத் திருப்பித் தருவதாகச் சொன்னால் அந்தத் தொகை சம்பளமாகச் சேர்ந்து வரிக்கு உட்படும் என்பதையும், அதற்கும் திருப்பிக் கட்டும் நிபந்தனை இருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். சீக்கிரம் விலகினால் கிராஜுவிட்டி தேதியும் இன்னும் தள்ளிப் போகிறது.

நிதியாண்டின் நடுவில் மாறுகிறவர்கள் பழைய கம்பெனியில் வாங்கிய சம்பளம், பிடித்த வரி இரண்டையும் புதுக் கம்பெனியின் பேரோலுக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அவர்கள் தங்களிடம் வேலை பார்க்கும் மாதங்களை மட்டும் கூட்டி, 12 லட்சத்துக்குள் இருக்கிறதே என்று வரியே பிடிக்காமல் விட்டுவிடுவார்கள். நிலையான கழிவையும் இரண்டு இடத்திலும் கழித்திருப்பார்கள். ரிட்டர்ன் போடும்போது இரண்டையும் கூட்டினால் வரி, அதன் மேல் வட்டி என்று மொத்தமாகக் கட்ட நேரும்.

எட்டாம் படி: எழுத்தில் கேட்க வேண்டியவை

எல்லாவற்றையும் போட்ட பிறகு நம் ஊழியரின் நிலை இது. மாத வருமானமும் பி.எஃப்பும் சேர்த்து இரண்டு இடமும் சமம். 2 லட்சத்தில் 1,00,000 ஒரு முறை வந்து போவது, 80,000 உறுதியில்லாத வேரியபிள், 18,000 பிரீமியம். மீதி 2,000 கிராஜுவிட்டியில் கூடி, சம்பளம்-பி.எஃப்பில் குறைந்ததன் மிச்சம். இதற்கு எதிரே 1,44,231 கிராஜுவிட்டி நிற்கிறது. பதவியோ வேலையின் தன்மையோ பிடித்திருந்தால் போகலாம். பணத்துக்காக என்றால் இந்தக் கடிதம் இப்போது இருக்கும் வடிவில் போகத் தகுந்ததில்லை.

புதுக் கம்பெனியின் ரெக்ரூட்டருக்கு மெயிலில் கேட்க வேண்டியது: ஜாயினிங் போனஸ் நீங்கலாக 14 லட்சம் சிடிசி, மெடிக்கல் பிரீமியம் சிடிசிக்கு வெளியே, வேரியபிள் 1,40,000-இலிருந்து 70,000 ஆகக் குறைத்து மீதி நிலையான சம்பளத்தில், சேரும் தேதி டிசம்பரில். நான்கும் மொத்தமாகக் கிடைத்துவிடாது. முதலாவதும் நான்காவதும் கிடைத்தாலே கணக்கு அவர்கள் பக்கம் சாய்ந்துவிடும், ஆகவே விட்டுக்கொடுக்கும்போது நடுவில் உள்ள இரண்டை விடுங்கள். டேக் ஹோம் கூடும்போது வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தைத் தாண்டுகிறதா என்று மறுபடி ஒரு முறை கூட்டிப் பாருங்கள். போனில் "பார்த்துக்கலாம், முதல்ல ஜாயின் பண்ணுங்க" என்று சொன்னால் அது கடிதத்தில் இல்லாத வரி. திருத்திய அனெக்‌ஷர் மெயிலில் வந்த பிறகு ராஜினாமா கொடுங்கள்.